ஏழாம் தேதி சம்பளம், ஐந்தாம் தேதி வாடகை

(நம் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பராமரிப்புக் கட்டணம் தாமதமாவதைப் பற்றிப் பேசச் சொல்லி செயலாளர் கேட்டுக்கொண்டார். யார் யார் தாமதம் என்று பட்டியல் படிக்க நான் வரவில்லை. வங்கியில் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பல வருடம் பாஸ்புக் பார்த்தவன் என்ற முறையில், இந்தத் தாமதம் எங்கிருந்து வருகிறது, அதை எப்படிச் சரிசெய்வது என்று சொல்லத்தான் வந்தேன்.

நம் குடியிருப்பில் கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய்கண்டிகை, காக்களூர் சிட்கோ என்று தொழிற்பேட்டைகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். அவர்களில் பலருக்குச் சம்பளம் 7-ம் தேதி. சிலருக்கு 10-ம் தேதிகூட ஆகிறது. ஆனால் வாடகை 5-ம் தேதிக்குள், பால் கணக்கு 1-ம் தேதி, வண்டித் தவணை 3-ம் தேதி, சங்கத்தின் பராமரிப்புக் கட்டணம் 5-ம் தேதி. பணம் வருவதற்கு முன்பே செலவு வாசலில் வந்து நிற்கிறது.

ஏன் 7-ம் தேதி?

மாதம் முடிந்த பிறகுதான் வருகைப் பதிவு, ஓவர்டைம், விடுப்பு எல்லாவற்றையும் கூட்டிச் சம்பளம் போட முடியும். அதற்குச் சட்டமும் அவகாசம் கொடுக்கிறது. 1936-ம் வருடத்து ஊதியம் வழங்கல் சட்டப்படி, ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனம் 7-ம் தேதிக்குள் கொடுக்க வேண்டியிருந்தது. ஆயிரமும் அதற்கு மேலும் என்றால் 10-ம் தேதிக்குள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, மாதச் சம்பளக்காரர் எல்லோருக்கும் அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் என்று சொல்கிறது. ஆகவே 7-ம் தேதி சம்பளம் போடுகிற கம்பெனியைத் தாமதம் என்று குறை சொல்ல முடியாது. ஒப்பந்ததாரர் மூலம் வேலை செய்கிறவர்களும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: ஒப்பந்ததாரர் கொடுக்கத் தவறினால், கொடுக்க வேண்டிய பொறுப்பு முதன்மை நிறுவனத்துக்கு உண்டு.

சம்பளத் தேதியை நாம் மாற்ற முடியாது. அதைச் சுற்றித்தான் மற்றவற்றை அமைக்க வேண்டும்.

இது பற்றாக்குறையா, தேதிச் சிக்கலா?

முதலில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மருந்து வேறு வேறு. பிரித்துப் பார்ப்பது எளிது. மாதா மாதம் 1-ம் தேதியிலிருந்து 6-ம் தேதிக்குள் எவ்வளவு கைமாற்று வாங்குகிறீர்கள் என்று ஆறு மாதத்துக்கு எழுதிப் பாருங்கள். அந்தத் தொகை ஏறத்தாழ ஒன்றாகவே இருந்து, 7-ம் தேதி முழுவதும் அடைந்துவிடுகிறது என்றால் உங்கள் சம்பளம் செலவுக்குப் போதுகிறது, தேதிதான் இடிக்கிறது. தொகை 8,000, 9,500, 11,000 என்று ஏறிக்கொண்டே போனால் அது உண்மையான பற்றாக்குறை. அதற்குச் செலவைக் குறைக்க வேண்டும் அல்லது வருமானம் கூட வேண்டும். நான் இன்று சொல்லப் போகும் வழி அதைத் தீர்க்காது.

இந்தத் தேதிச் சிக்கல் எங்கே பிறக்கிறது? வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில். ஜூன் 1-ம் தேதி ஒருவர் சேருகிறார் என்று வையுங்கள். முதல் சம்பளம் ஜூலை 7-ம் தேதி. 36 நாள் சம்பளம் இல்லாமல் ஓட்ட வேண்டும். அதற்குள் ஜூலை 5-ம் தேதி வாடகையும் வந்துவிடுகிறது. அப்போது வாங்கிய கைமாற்றை ஜூலை 7-ம் தேதி திருப்பிக் கொடுக்கிறார். கொடுத்ததால் சம்பளத்தில் ஓட்டை விழுகிறது. ஆகஸ்ட் 3-ம் தேதி மறுபடி அதே தொகையை வாங்குகிறார். ஒரே ஒரு தடவை ஏற்பட்ட இடைவெளியை வருடக் கணக்காகச் சுமக்கிறார். நடுவில் கம்பெனி மாறினாலோ, 30-ம் தேதி வந்த சம்பளம் 7-ம் தேதிக்குத் தள்ளிப்போனாலோ இதே ஓட்டைதான்.

ஒரு தடவை ஏற்பட்ட ஓட்டை என்பதால், ஒரு தடவை அடைத்தால் போதும்.

மாதம் 7-ம் தேதி பிறக்கிறது

இதற்கு முதலில் நம் மனதில் உள்ள காலண்டரை மாற்ற வேண்டும். உங்கள் வீட்டு வரவு செலவு மாதம் 1-ம் தேதி தொடங்குவதில்லை. 7-ம் தேதி தொடங்கி அடுத்த மாதம் 6-ம் தேதி முடிகிறது. அப்படிப் பார்த்தால் 5-ம் தேதி வாடகை மாதத்தின் முதல் செலவு அல்ல, கடைசிச் செலவு. ஜூலை 7-ம் தேதி வந்த சம்பளத்திலிருந்துதான் ஆகஸ்ட் 5-ம் தேதி வாடகை போக வேண்டும். ஆகவே 7-ம் தேதி கணக்கில் தெரியும் தொகை முழுவதும் கைச்செலவுக்கு உரியது அல்ல. அதில் பாதிக்கு மேல் நான்கு வாரம் கழித்து வரப்போகிறவர்களுக்குச் சொந்தம். அதுவரை அவர்கள் பணம் உங்களிடம் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு குடும்பத்தைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். கைக்கு வரும் சம்பளம் 30,000. தேதி 7. சம்பளத்துக்கு முன்னால் வரும் செலவுகள் இவை:

பால் கணக்கு, 1-ம் தேதி: 1,500
வண்டித் தவணை, 3-ம் தேதி: 2,900
வாடகை, 5-ம் தேதி: 8,500
பராமரிப்புக் கட்டணம், 5-ம் தேதி: 1,200
பள்ளி வேன், 5-ம் தேதி: 1,000
மின் கட்டணத்துக்கு மாதப் பங்கு: 800

மொத்தம் 15,900.

மின் கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் 1,600 ரூபாயைப் பாதியாகப் பிரித்து மாதா மாதம் ஒதுக்கியிருக்கிறேன். ரீடிங் எடுத்ததிலிருந்து கட்டுவதற்கு 20 நாள் உண்டு. இந்த வீட்டில் 12-ம் தேதி வாக்கில் ரீடிங் எடுக்கிறார்கள். கடைசி நாள் அடுத்த மாதம் 1 அல்லது 2-ம் தேதி ஆகிவிடுகிறது. அதாவது 20 நாள் அவகாசம் இருந்தும் அதற்குள் ஒரு சம்பளம்கூட வரவில்லை. உங்கள் வீட்டு அட்டையில் ரீடிங் தேதியைப் பார்த்து 20 நாள் கூட்டிப் பாருங்கள். அது 1-ம் தேதிக்கும் 6-ம் தேதிக்கும் நடுவில் விழுந்தால் மின் கட்டணமும் இந்தப் பட்டியலில் சேர வேண்டும்.

மீதி செலவு: 10-ம் தேதி சீட்டு 2,000, சமையல் எரிவாயு 900, போன் 700. ஆக 3,600. அதன்பிறகு வாராந்திரச் செலவு. மளிகை, காய்கறி, பெட்ரோல் எல்லாம் சேர்த்து வாரம் 2,300 என்றால் நான்கு வாரத்துக்கு 9,200. 7-லிருந்து 6 வரை எண்ணினால் பெரும்பாலும் 30 அல்லது 31 நாள். நான்கு வாரம் போக இரண்டு மூன்று நாள் மிஞ்சும். பலருக்கும் கணக்கு உதைப்பது இந்த நாட்களில்தான். அதற்கு 1,000 தனியாக வைப்போம். எல்லாம் கூட்டினால் 15,900, 3,600, 9,200, 1,000. மொத்தம் 29,700. மீதி 300. இந்தக் குடும்பத்துக்குச் சம்பளம் போதுகிறது. ஆனாலும் மாதா மாதம் 3-ம் தேதி 12,000 கைமாற்று வாங்குகிறார்கள். ஏன்?

7-ம் தேதி வந்ததும் பழைய கைமாற்று 12,000 போகிறது. நூற்றுக்கு இரண்டு வட்டி என்று 240 போகிறது. மீதி 17,760. அதில் 3,600-ம் வீட்டுச் செலவு 10,200-ம் போனால் மாதக் கடைசியில் கையில் 3,960. முன்தேதிச் செலவு 15,900. குறைவது ஏறத்தாழ 12,000. மறுபடி அதே 12,000.

இரண்டு வட்டிதானே என்று நினைக்கலாம். வாங்குவது 3-ம் தேதி, கொடுப்பது 7-ம் தேதி. நான்கு நாளுக்கு ஒரு மாத வட்டி. வங்கிக் கணக்குப்படி ஆண்டு வட்டியாக மாற்றினால் 180 சதவீதத்துக்கு மேல் வருகிறது. வருடத்துக்கு 2,880 ரூபாய். இரண்டு மாதப் பராமரிப்புக் கட்டணத்தைவிட அதிகம்.

ஓட்டையை அடைப்பது

வழி இரண்டு. இரண்டையும் சேர்த்தே செய்யலாம்.

முதலாவது, கைமாற்றை மாதா மாதம் குறைப்பது. இந்தக் குடும்பம் வாரச் செலவை 2,300-லிருந்து 2,050 ஆக்கினால் மாதம் 1,000 மிஞ்சும். அதை வேறெதற்கும் தொடாமல், அடுத்த 3-ம் தேதி 12,000-க்குப் பதில் 11,000 மட்டும் வாங்க வேண்டும். அடுத்த மாதம் 10,000. இப்படி ஐந்து மாதத்தில் 7,000 ஆகிவிடும். வட்டியும் கூடவே குறையும். மே மாதத்தில் தொடங்கினால் தீபாவளி நெருங்கும்போது இந்த நிலைக்கு வந்திருப்பீர்கள். போனஸில் 7,000 ரூபாயை இதற்கு வைத்தால் கைமாற்று அந்த மாதத்தோடு முடிகிறது. போனஸ் இல்லாதவர்கள் இன்னும் ஏழு மாதம் அதே வழியில் போனால் போதும். அதற்குப் பிறகு வாரச் செலவு பழையபடி 2,300-க்குத் திரும்பலாம். இந்தச் சிக்கனம் ஆயுளுக்கு அல்ல; முடியும் தேதி தெரிந்த சிக்கனம்.

இதில் எங்கே தவறிவிடுவோம் என்றால், 1,000 மிச்சம் பிடித்துவிட்டு, 3-ம் தேதி பழக்கதோஷத்தில் மறுபடி 12,000 வாங்குவதில். வாங்கும் தொகை குறைந்தால்தான் ஓட்டை குறைந்ததாகக் கணக்கு.

இரண்டாவது வழி, மாற்றக்கூடிய தேதிகளை 7-ம் தேதிக்குப் பின்னால் தள்ளுவது. பால்காரரிடமும் வேன்காரரிடமும் 10-ம் தேதி தருகிறேன் என்று முன்கூட்டியே சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு மாதமும் சொல்லாமல் தாமதிப்பதுதான் அவர்களுக்குத் தொந்தரவு. இந்தக் குடும்பத்துக்கு அவை இரண்டும் சேர்த்து 2,500. அந்த ஒரு பேச்சிலேயே 12,000 கைமாற்று 9,500 ஆகிவிடுகிறது.

வாடகைத் தேதி ஒப்பந்தத்தைப் பொறுத்தது. "ஒவ்வொரு ஆங்கில மாதமும் 5-ம் தேதிக்குள்" என்று பத்திரத்தில் எழுதுவது வழக்கம். அது சட்டம் விதித்த தேதி அல்ல. 11 மாதம் முடிந்து புதுப்பிக்கும்போது 10-ம் தேதி என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். வீட்டுக்காரருக்கும் அந்த வாடகையை நம்பி வீட்டுக்கடன் தவணை இருக்கலாம். அதனால் ஒத்துக்கொள்ளாவிட்டால் வருத்தப்பட வேண்டாம்.

கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்கள் பில் சுழற்சியைத் தங்கள் வசதிப்படி ஒரு முறையாவது மாற்றிக்கொள்ள ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. 20-ம் தேதி வாக்கில் பில் போட்டால், கட்டும் தேதி சம்பளத்துக்குப் பிறகு வரும்.

வண்டித் தவணைத் தேதியைக் கடன் வாங்கும்போதே கேட்டு வைப்பதுதான் நல்லது. பிறகு மாற்றுவது கடன் கொடுத்த நிறுவனத்தின் விருப்பம். கேட்கும்போது 7-ம் தேதியைக் கேட்காதீர்கள். 10-ம் தேதி கேளுங்கள். தானியங்கிப் பற்று பெரும்பாலும் காலையிலேயே கணக்கைத் தட்டும்; சம்பளம் மதியம் வந்தால் பயன் இல்லை. ஒரே நாளில் எது முன், எது பின் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

எந்தக் கணக்கில் எந்தப் பணம்

"பில்லுக்குத் தனிக் கணக்கு தொடங்கி அதில் பணத்தைப் போடுங்கள்" என்று பலரும் சொல்வார்கள். அதையே தலைகீழாகச் செய்யச் சொல்கிறேன். வண்டித் தவணை ஏற்கெனவே சம்பளக் கணக்கோடு இணைந்திருக்கிறது. இசிஎஸ் என்று நாம் இன்றும் சொல்லும் அந்த நாச் அனுமதியை வேறு கணக்குக்கு மாற்றினால் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும்; மாறுகிற மாதத்தில் ஒரு தவணை தப்பிப்போகும் ஆபத்தும் உண்டு. ஆகவே சம்பளக் கணக்கே பில் கணக்காக இருக்கட்டும். 7-ம் தேதி அதிலிருந்து வீட்டுச் செலவுப் பணத்தை மட்டும் இன்னொரு கணக்குக்கு, மனைவி அல்லது கணவர் பெயரில் உள்ள கணக்கானாலும் சரி, மாற்றுங்கள். போனில் யுபிஐ அந்த இரண்டாவது கணக்கோடு மட்டும் இணைந்திருக்கட்டும். கடையில் ஸ்கேன் செய்யும்போது வாடகைப் பணம் கைக்கு எட்டாது.

முடிந்தால் நான்கு வாரப் பணத்தையும் ஒரே நாளில் மாற்றாமல் வாரம் ஒரு முறை மாற்றுங்கள். இரண்டாவது கணக்கு குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்காக இருந்தால் நல்லது. ஆனால் ஒரே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொண்டு இதையும் வைத்திருக்க முடியாது. ஆகவே வேறு வங்கியில் தொடங்குங்கள்.

இன்னொன்று. முன்பெல்லாம் தவணைத் தேதி ஞாயிற்றுக்கிழமை என்றால் திங்கள்வரை நேரம் கிடைக்கும். 2021 ஆகஸ்ட் 1 முதல் நாச் முறை ஞாயிறும் விடுமுறை நாளும் உட்பட எல்லா நாளும் இயங்குகிறது. ஆகவே தவணைக்கு முந்தின நாள் மாலையே பணம் கணக்கில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பற்று திரும்பும். வங்கி ஒரு அபராதமும் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிடிக்கும்; கடன் நிறுவனம் தன் பங்குக்கு இன்னொரு அபராதம் போடும். அது மட்டும் அல்ல. பணமில்லாமல் மின்னணுப் பற்று திரும்புவது, காசோலை திரும்புவதைப் போலவே வழக்குத் தொடரக்கூடிய குற்றம் என்று 2007-ம் வருடத்துச் சட்டத்தின் 25-ம் பிரிவு சொல்கிறது.

சங்கத்துக்கும் இதே கணக்குதான்

கடைசியாக, நம் சங்கத்துக்கு வருகிறேன். சங்கம் 5-ம் தேதிக்குள் கட்டணம் கேட்பதற்குக் காரணம் உண்டு. காவலாளிகளுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் 7-ம் தேதிக்குள் சம்பளம் போக வேண்டும். அவர்களும் 7-ம் தேதியை எதிர்பார்த்திருப்பவர்கள்தான். நாம் தாமதித்தால் அந்தத் தாமதம் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேருகிறது.

48 வீடுகள், வீட்டுக்கு 1,200 என்றால் மாதம் 57,600 வசூல். அதில் 7-ம் தேதிக்குள் கொடுக்க வேண்டியது 32,000 என்று வைத்துக்கொள்வோம். இந்த 32,000 ஒவ்வொரு மாதமும் 1-ம் தேதியே சங்கக் கணக்கில் இருந்துவிட்டால், வசூல் 10-ம் தேதி வந்தாலும் யாருடைய சம்பளமும் தடைபடாது. வீட்டுக்குச் சொன்ன அதே வழி. ஒரே ஒரு தடவை அந்தத் தொகையைக் கார்பஸ் நிதியிலிருந்து நடப்புக் கணக்குக்கு மாற்றி, அதற்குக் கீழே இருப்பு இறங்கவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். செலவு அல்ல, பணம் நம்மிடமே இருக்கும், இடம் மட்டும் மாறும். அதிலிருந்து வரும் வைப்பு வட்டி மட்டும் குறையும்.

ஆகவே இந்தக் கூட்டத்தின் முன் இரண்டு யோசனைகளை வைக்கிறேன். ஒன்று, 5-ம் தேதிக்குப் பிறகு சம்பளம் வருகிறது என்று எழுதிக் கொடுக்கும் வீடுகளுக்குக் கடைசி நாள் 10-ம் தேதி. அதுவரை அபராதம் இல்லை, அறிவிப்புப் பலகையில் பெயரும் இல்லை. இரண்டு, 10-ம் தேதியும் தாண்டினால் சலுகை கிடையாது, எல்லோருக்கும் உள்ள அபராதம்தான். தேதிச் சிக்கலுக்குச் சங்கம் இடம் கொடுக்கலாம். கட்டாமல் விடுவதற்கு இடம் கொடுத்தால் 32,000 இருப்பு நான்கைந்து மாதத்தில் கரைந்துவிடும்.

பொருளாளர் அடுத்த கூட்டத்துக்குள் 7-ம் தேதிக்கு முன் சங்கம் கொடுக்க வேண்டிய சரியான தொகையைக் கணக்கிட்டுச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். நீங்களும் அதற்குள் உங்கள் வீட்டில் 1-லிருந்து 6-ம் தேதிவரை போகும் பணத்தைக் கூட்டி வையுங்கள். பட்டியல் போட உதவி வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்க அறையில் இருப்பேன். பாஸ்புக்கும் மின் அட்டையும் கொண்டு வாருங்கள்.